கேள்விக்குறி விழாத நகர்வு

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. வார இறுதிச் சதுரங்கப் போட்டிகளில் ஆடுகிறான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்டத்தைக் கைப்பேசியில் ஏற்றி, எஞ்சின் என்னும் சதுரங்க மென்பொருள் தரும் அறிக்கையை எனக்கு நீட்டுவான். "மாமா, ரெண்டு பிளண்டர், மூணு மிஸ்டேக்" என்று மதிப்பெண் பட்டியல் வாசிப்பதுபோல் வாசிப்பான். எந்த நகர்வில், ஏன் என்று கேட்டால் திரையைத்தான் பார்ப்பான். அவனோடு உட்கார்ந்து ஆட்டங்களை அலசியதில் எனக்கே சில விஷயங்கள் தெளிவாகின. நானும் கிளப் அளவில் ஆடுகிறவன்தான். எஞ்சின் எண்ணை எத்தனையோ ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று அதுவரை நின்று யோசித்ததில்லை.

முதலில் எண்ணைப் பார்ப்போம். திரையில் +1.00 என்று வந்தால் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு மேல்கை என்பது பழைய விளக்கம். மைனஸ் வந்தால் கறுப்புக்கு மேல்கை. பெரும்பாலான தளங்களில் யார் நகர்த்தினாலும் கூட்டல் குறி வெள்ளைக்குத்தான். ஆனால் எஞ்சினை நேரடியாகக் கணினியில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். எஞ்சின் உள்ளுக்குள் நகர்த்தப் போகிறவர் பக்கமிருந்துதான் எண்ணைச் சொல்லும். சில மென்பொருள்கள் அதை அப்படியே காட்டிவிடும். கறுப்பின் முறையில் +2 என்று பார்த்துவிட்டு வெள்ளை ஜெயிக்கிறது என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிப்பாய்க் கணக்கு இப்போது அவ்வளவு நேரடியானதும் இல்லை. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், அந்த எஞ்சின் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. +1.00 என்றால், இரு பக்கமும் அதே எஞ்சினே ஆடினால் வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பொருள். மீதிப் பாதி பெரும்பாலும் டிரா. அதே +1.00ஐ லிசெஸ் தளம் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்து வேறு கணக்கில் மாற்றுகிறது. அங்கே அது வெள்ளைக்குச் சுமார் 59 சதவீதம். +3.00 என்றால் 75, +7.00 என்றால் 93. இந்த வளைவைப் புரிந்துகொண்டால் அறிக்கையில் பாதி புரிந்துவிடும். சமநிலையிலிருந்து ஒரு சிப்பாய் அளவு சரிந்தால் ஒன்பது சதவீதம் போகிறது. ஏழிலிருந்து ஆறுக்குச் சரிந்தால் மூன்றுதான் போகிறது. ஒரு ராணி கூடுதலாக இருக்கும்போது, வேகமான மேட்டை விட்டுவிட்டுப் பாதுகாப்பாக ரூக்குகளை மாற்றிக்கொண்டான் என்று வையுங்கள். வெறும் எண்ணில் அது பெரிய சரிவாகத் தெரியும். அதற்காக அவனை நான் திட்டமாட்டேன். போட்டியில் நானும் அதைத்தான் செய்வேன்.

இப்போது இந்தக் கட்டுரையின் விஷயமான ஆட்டத்துக்கு வருகிறேன். அதில் அவன் கறுப்பு. மத்திய ஆட்டம் முழுக்க ஒரு சிப்பாய் குறைவாகவே தாக்குப்பிடித்து, கடைசியில் ஆளுக்கொரு ரூக், எதிராளிக்கு மட்டும் ஒரு சிப்பாய் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். வெள்ளை ராஜா d5, சிப்பாய் e5, ரூக் a7. கறுப்பு ராஜா e8, ரூக் b6. நகர்த்த வேண்டியது அவன். பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள். ஐந்தே காய்கள்.

இது பாடப்புத்தக நிலை. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோரின் பெயரில் வழங்குவது. கறுப்பின் ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்கிறது. ரூக் தன் மூன்றாவது வரிசையை, அதாவது பலகையின் ஆறாவது வரிசையைப் பூட்டி வைத்திருக்கிறது. அதனால் வெள்ளை ராஜா e6க்கோ d6க்கோ ஏற முடியாது. கறுப்பு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ரூக்கை அதே வரிசையில் அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெள்ளை பொறுமையிழந்து சிப்பாயை e6க்குத் தள்ளிய கணமே ரூக்கை b1 வரை இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். e6இல் இப்போது சிப்பாயே நிற்பதால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. டிரா.

அவன் காத்திருக்கவில்லை. சிப்பாய் இன்னும் e5இல் இருக்கும்போதே ரூக்கை b1க்கு இறக்கினான். வெள்ளை ரூக்கை h7க்கு நகர்த்தியது. இவன் ரூக்கை e1க்குக் கொண்டுபோய்ச் சிப்பாயின் பின்னால் நிறுத்தினான். வெள்ளை ராஜா e6க்கு ஏறியது. இப்போது h8இல் ரூக் இறங்கினால் மேட். இவன் ராஜாவை d8க்கு நகர்த்தினான். அதோடு ஆட்டம் போனது.

அறிக்கை இப்படி இருந்தது: Rb1 0.00, Re1 0.00, Kd8 மட்டும் இரட்டைக் கேள்விக்குறி. சரியான நகர்வு Kf8 என்று பச்சை அம்பு.

"அப்ப f8 போயிருந்தா டிரா, அவ்வளவுதானே மாமா?" என்றான்.

எஞ்சினைப் பொறுத்தவரை அவ்வளவுதான். அது பொய்யும் சொல்லவில்லை. ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு முழு விடையும் கணக்கிட்டு வைத்த அட்டவணை உண்டு. லிசெஸின் அலசல் பலகையில் காய்கள் ஏழுக்கு இறங்கியதும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஐந்து காய் நிலையில் அதற்கு மேல் வழக்கே இல்லை. Kf8 டிரா, Kd8 தோல்வி. ஆனால் பச்சை அம்பை மனப்பாடம் செய்தால் அடுத்த ஆட்டத்தில் இதே நிலை d சிப்பாயோடு வரும்போது என்ன செய்வான்? அப்போது ராஜா போக வேண்டிய பக்கமே மாறிவிடும்.

அதனால் அம்பை மறைத்துவிட்டு, "ஏன் f8?" என்று கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. சிப்பாய் e வரிசையில் இருக்கிறது. அதன் வலப்புறம் f, g, h என்று மூன்று செங்குத்து வரிசைகள். இடப்புறம் a, b, c, d என்று நான்கு. தற்காக்கும் ராஜா சின்னப் பக்கத்துக்கு ஒதுங்க வேண்டும். அப்போதுதான் ரூக்குக்குப் பெரிய பக்கம் காலியாகக் கிடைக்கும், தூரத்திலிருந்து பக்கவாட்டுச் செக் கொடுக்கலாம். Kf8, Rh8+, Kg7 என்று போனபிறகு வெள்ளை ரூக்கை e8இல் வைத்தால், கறுப்பு ரூக்கை a1க்குக் கொண்டுபோகும். அங்கிருந்து a6, a7 என்று செக் கொடுக்கத் தொடங்கினால் வெள்ளை ராஜாவுக்கு நிம்மதி கிடையாது. Kd8 போனால் இதெல்லாம் தலைகீழ். ராஜா பெரிய பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. ரூக்குக்கு மிஞ்சுவது சின்னப் பக்கம். அங்கே h வரிசையிலிருந்து செக் கொடுத்தாலும் தூரம் பத்தாது. வெள்ளை ராஜா ஓரிரு அடியில் ரூக்கை எட்டிவிடும். இந்தக் காரணம் கைக்கு வந்துவிட்டால் d சிப்பாய் வந்தாலும் கவலையில்லை. அப்போது சின்னப் பக்கம் a, b, c.

இது நல்ல பாடம்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்ட முதல் பாடம் இது இல்லை என்பது என் கருத்து. அது Rb1இல் இருந்தது. எஞ்சின் எந்தக் குறியும் போடாமல் 0.00 என்று கடந்துபோன நகர்வில்.

இரண்டு நிலைகளுக்கும் ஒரே எண்தான். ஆனால் அந்த இரண்டு பூஜ்யங்களும் ஒன்றல்ல. ரூக் b6இல் இருந்தபோது அந்த வரிசையில் g6, h6 என்று வெட்டுப்படாத கட்டம் எதற்கு நகர்த்தினாலும் டிரா கையில் இருந்தது. யோசிக்காமலே தாங்கலாம். b1க்கு இறங்கிய பிறகும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வெள்ளை உடனே Ke6 ஏறியிருந்தால்கூட ரூக் b6க்குத் திரும்பிச் செக் கொடுத்து ராஜாவை இறக்கிவிட்டிருக்கும். Rh7க்குப் பிறகும் பேசாமல் b6க்குத் திரும்பியிருக்கலாம். e1 போனதும்தான் கதவு ஏறக்குறைய மூடியது. அங்கிருந்து ஆறாவது வரிசைக்கு ஒரே நகர்வில் வர முடியாது. அதற்கடுத்த நகர்வில் தப்பிக்க ஒரே ஒரு வழி, Kf8. மற்ற எதை ஆடினாலும் தோல்வி. எஞ்சினுக்கு ஒரு வழி இருப்பதும் ஏழு வழி இருப்பதும் ஒன்றுதான், அது அந்த ஒன்றைத் தவறவிடாது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும் பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அப்படி இல்லை.

எனவே 0.00ஐப் பார்க்கும்போது நான் இப்போது இன்னொன்றையும் பார்க்கிறேன். அலசல் பலகையில் ஒரே நகர்வுத் தொடருக்குப் பதில் மூன்று, நான்கு சிறந்த தொடர்களைக் காட்டச் சொல்லி அமைத்துக்கொள்வேன். முதல் நகர்வு 0.00, இரண்டாவது 0.00, மூன்றாவது -0.20 என்றிருந்தால் அது அகலமான சாலை. முதலாவது 0.00, இரண்டாவது -4 என்றிருந்தால் கயிற்றின்மேல் நடக்கிறோம் என்று பொருள். அந்தக் கயிற்றில் எப்போது ஏறினோம் என்று பின்னோக்கி ஒவ்வொரு நகர்வாகப் போய்த் தேடுவேன். இடைவெளி எங்கே விரியத் தொடங்கியதோ அங்கேதான் பெரும்பாலும் நம் திட்டம் கோணலாகியிருக்கும். அறிக்கையின் கேள்விக்குறி அதற்கு இரண்டு மூன்று நகர்வு கழித்து, விழுந்த இடத்தில் வந்து நிற்கும்.

உலகச் சாம்பியன் போட்டியிலும் இதையே பார்த்தோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். ஆறரை, ஆறரை என்று சமன். குகேஷ் கறுப்பு. ஆளுக்கொரு ரூக், ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராவாகத் தாங்கக்கூடிய நிலை என்பதில் எஞ்சின்களுக்குச் சந்தேகமில்லை. பார்த்துக்கொண்டிருந்த பலரும் மறுநாள் டைபிரேக் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். குகேஷ் விடாமல் ஆடினார், ஏனென்றால் தாங்க வேண்டிய வேலை டிங் லிரெனுக்குத்தான். 55ஆவது நகர்வில் டிங் ரூக்கை f2இல் வைத்தார். ரூக்குகள் மாறின, அடுத்து குகேஷின் பிஷப் d5க்கு வந்தது. வெள்ளை பிஷப் a8 மூலையில் இருந்ததால் அந்த மாற்றத்திலிருந்து ஒதுங்க வழியில்லை. மிஞ்சியது கறுப்பு ஜெயிக்கும் சிப்பாய் முடிவாட்டம். பூஜ்யம் காட்டிய நிலையில் யார் வலியில் இருக்கிறார், யாருக்கு ஆபத்தே இல்லை என்பதை எண் சொல்லவில்லை. பலகை சொன்னது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எண் பெரிதாக இருந்தும் ஒன்றுமில்லாத நிலைகள். எதிரெதிர் நிற பிஷப்புகள் உள்ள முடிவாட்டத்தில் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் உடைக்கவே முடியாத அரண் அமைந்துவிடுவது உண்டு. எஞ்சின் சிலவற்றில் வெள்ளைக்கு மேல்கை என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எஞ்சின் சொல்லும் நகர்வுத் தொடரிலேயே பத்துப் பதினைந்து நகர்வு முன்னே போய்ப் பார்ப்பது. உண்மையான மேல்கை என்றால் எண் ஏறும், சிப்பாய் நகரும், ஏதாவது ஒன்று நடக்கும். ராஜாவும் பிஷப்பும் சும்மா உலாத்திக்கொண்டிருக்க, எண் மட்டும் அதே இடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். காய்கள் ஏழுக்குள் என்றால் அட்டவணையையே கேட்டுவிடலாம்.

இன்னொன்று, எண்ணுக்கு வயது உண்டு. கைப்பேசியில் ஆட்டத்தை ஏற்றியதும் சில நொடிகளில் வரும் அறிக்கையில் ஒவ்வொரு நகர்வுக்கும் எஞ்சின் செலவழிப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு காயைப் பலி கொடுத்த நகர்வு போன்ற இடங்களில் முதல் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிலையில் நிறுத்தி, ஆழம் என்று காட்டும் எண்ணிக்கை ஏறும்வரை ஒரு நிமிடம் விட்டுவிடுவேன். முதலில் 'தவறு' என்றது கடைசியில் 'சரி' என்று மாறுவதும் உண்டு, நேர்மாறாகவும் நடக்கும். எண் ஆடிக்கொண்டே இருந்தால் அதற்கே இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம்.

0.2, 0.3 வித்தியாசங்களை நாங்கள் இருவரும் பார்ப்பதை விட்டுவிட்டோம். தொடக்க ஆட்டத்தில் எஞ்சின் h3ஐவிட a4 சிறந்தது என்று 0.15 கூடுதல் கொடுத்தால், அதற்காக இத்தனை நாள் ஆடிப் பழகிய வழியை மாற்றுவது வீண் வேலை. நாளைக்கு வேறு பதிப்பு வந்தால் வரிசை மாறிவிடும்.

இப்போது நாங்கள் ஆட்டத்தை அலசுவது இப்படி. ஆட்டம் முடிந்த அன்றே, எஞ்சினைத் திறக்கும் முன், அவன் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். எங்கே யோசித்தான், எதற்குப் பயந்தான், எதிராளி எதை ஆடுவான் என்று நினைத்தான், எங்கே ஆட்டம் கைமாறியது என்று நினைக்கிறான். எல்லா நகர்வுக்கும் வேண்டாம், நான்கைந்து இடம் போதும். இதற்கு அவன் ஆரம்பத்தில் ஏகத்துக்கு முணுமுணுத்தான். ஆனால் எண்ணைப் பார்த்த பிறகு நினைவு மாறிவிடும். "எனக்கு அது தெரியும் மாமா, சும்மா விட்டுட்டேன்" என்று மனம் கதை கட்டிவிடும். எழுதி வைத்தது கதை மாறாது.

ரூக் ஆட்டத்தின் நோட்டில் Rb1க்கு எதிரே அவன் எழுதியிருந்தது: "ரூக் ஆக்டிவா இருக்கணும்." அங்கேதான் பிடி கிடைத்தது. முடிவாட்டத்தில் ரூக் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறான். சரியான விதிதான். இந்த நிலையில் அந்தச் சுறுசுறுப்புக்குச் சமயம் சிப்பாய் e6க்குப் போன பிறகு. அதுவரை ஆறாவது வரிசையில் சும்மா நிற்பதுதான் ரூக்கின் வேலை. எஞ்சின் அறிக்கையை எத்தனை முறை பார்த்திருந்தாலும் இது வந்திருக்காது. அவன் என்ன நினைத்தான் என்பது எஞ்சினுக்குத் தெரியாது.

Kd8க்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. கேட்டதற்கு, "செக்மேட் வருதுன்னு பார்த்தேன், நடுப்பக்கம் போனேன்" என்றான். அதாவது இரண்டு வழியில் ஒன்றைக் கணக்குப் பார்க்காமலே எடுத்திருக்கிறான். இரண்டும் வேறு வேறு நோய். ஒன்று அறிவுக் குறை, மற்றது பழக்கக் குறை. முதலாவதற்கு ஃபிலிடோர் நிலையைக் கற்றுக்கொண்டால் போதும். இரண்டாவதற்கு, ராஜாவுக்கு இரண்டே கட்டம் இருக்கும்போது இரண்டையும் பார்க்காமல் கை வைக்காதே என்பதைப் பல ஆட்டங்களில் பழக வேண்டும். அறிக்கை இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

எழுதி முடித்த பிறகு எஞ்சினைத் திறப்போம். முதலில் வரைபடத்தில் செங்குத்தான சரிவுகளை மட்டும். ஒவ்வொன்றிலும் அம்பைப் பார்க்காமல், அவன் ஆடிய நகர்வையே ஆடிவிட்டு எதிராளியின் பதிலை அவனே தேட வேண்டும். தண்டனை என்ன என்று தெரிந்தால்தான் குற்றம் புரியும். கிடைத்ததும் ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். "என் குதிரையைக் காத்துக்கொண்டிருந்த பிஷப்பை நகர்த்திவிட்டேன்" என்பது வாக்கியம். "Be2 மைனஸ் 2.3" என்பது வாக்கியம் இல்லை. எட்டு ஒன்பது நகர்வு போனபிறகுதான் காரணம் தெரிகிறது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவோம். அவன் தரத்தில் அதை யாரும் பலகையில் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இரண்டு பேருமே கவனிக்காமல் போன இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வரைபடம் ஊசிபோல் ஏறி அடுத்த நகர்விலேயே இறங்கியிருக்கும். எதிராளி ஒரு காயை இலவசமாக விட்டிருப்பான், இவனும் பார்த்திருக்கமாட்டான். ஆட்ட முடிவில் அதன் தடயமே இருக்காது, நினைவிலும் இருக்காது. இதை எஞ்சின் இல்லாமல் நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இங்கே அதற்கு முழு மரியாதை.

கடைசியாக, புரிந்த நிலையை எஞ்சினோடு ஆடிப் பார்ப்பது. ரூக் நிலையை அடுக்கி அவனைக் கறுப்பாக உட்காரவைத்தேன். வரிசையில் காத்திருந்தான், எஞ்சின் e6 தள்ளியதும் b1க்கு இறங்கினான், டிரா. பிறகு ரூக்கை வேண்டுமென்றே e1இல் வைத்து, வெள்ளை ராஜாவை e6இல் ஏற்றி, அங்கிருந்து ஆடச் சொன்னேன். Kf8, Kg7 வரை சரியாகப் போனான், அதன்பிறகு பக்கவாட்டுச் செக்கில் குழம்பித் தோற்றான். எண் அப்போதும் கொஞ்ச நேரம் 0.00 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த இரண்டாவது நிலையைத்தான் d சிப்பாயோடு, பக்கம் மாற்றி அடுக்கி, ஆடிக்கொண்டிருக்கிறோம்.